இரண்டு வயதுக் குழந்தைக்கு கிரேயான், க்ளே, பெயின்ட்: டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குவது எப்படி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். குழந்தைகள் துணிக்கு வரும் பட்டன், ஜிப், பிரிண்ட் எல்லாவற்றுக்கும் லேப் ரிப்போர்ட் பார்த்து ஓகே சொல்வதுதான் என் வேலை. ஈயம் எவ்வளவு, நிக்கல் எவ்வளவு, எந்தக் கலரில் எடுத்த சாம்பிள், எந்தத் தேதி என்று ஒவ்வொரு வரியாகப் படித்தே பழகிவிட்டது. அப்படிப்பட்ட நானே, மகளுக்கு இரண்டு வயது ஆனபோது பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் கலர் க்ளே பக்கெட் ஒன்றை எதையும் படிக்காமல் வாங்கி வந்துவிட்டேன். கடைக்கார அண்ணன், "நான்-டாக்ஸிக்னு போட்டிருக்குதுங்க அக்கா, பயமே வேண்டாம்" என்றார். நானும் சரி என்று வாங்கிவிட்டேன்.

வீட்டில் மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வந்தது. பக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செய்தவர் பெயர் இல்லை, விலாசம் இல்லை, வயது இல்லை. ஐரோப்பாவின் சி.இ. எழுத்தும், பூப்போட்ட வட்டத்துக்குள் நான்-டாக்ஸிக் என்ற சொல்லும் மட்டும் இருந்தன. எங்கள் கம்பெனியில் பட்டன் சப்ளையர் இப்படி ஒரு டப்பாவை அனுப்பியிருந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். அன்றைக்குப் பிறகு மூன்று பொருட்களையும் எப்படிப் பார்த்து வாங்குகிறேன் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை, எதைக் கையில் கொடுத்தாலும் வாய்க்குக் கொண்டுபோகும் குழந்தைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள்

நான்-டாக்ஸிக் என்பது வெறும் சொல். அந்தச் சொல்லுக்கென்று நம் நாட்டில் தனி முத்திரை கிடையாது. அதை அச்சடிக்க யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதும் இல்லை. நல்ல கம்பெனியும் போடுகிறது, பெயரே இல்லாத கம்பெனியும் போடுகிறது. அதனால் அந்தச் சொல்லை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

பின்பக்கத்தில் முதலில் தேட வேண்டியது விலாசம். பொட்டலமாக விற்கும் பொருளில் செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முழு விலாசம், தயாரித்த மாதமும் வருடமும், விலை, புகார் சொல்ல ஒரு தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இறக்குமதி என்றால் எந்த நாடு என்பதும் வேண்டும். இந்த வரிகள் இல்லாத டப்பாவில் வேறு என்ன முத்திரை இருந்தாலும் நான் மேற்கொண்டு பார்ப்பதில்லை. தவறு நடந்தால் கேட்க ஆளே இல்லாத பொருளின் முத்திரையை எப்படி நம்புவது?

டவுன் ஹால் பக்கமோ, ஈரோட்டில் மணிக்கூண்டுப் பக்கமோ மொத்தக் கடைகளில் வாங்குபவர்கள் இதில் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருங்கள். அங்கே பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் சின்னப் பாக்கெட்டுகளைத் தனித்தனியாகத் தருவார்கள். விவரமெல்லாம் பெரிய பெட்டியில் இருக்கும், நம் கையில் வருவதில் ஒன்றும் இருக்காது. "பெரிய பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்கண்ணா" என்று கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வயது

அடுத்து வயது. நம்மில் பலர் இதைப் புத்திசாலித்தனத்துக்கான அளவு என்று எடுத்துக்கொள்கிறோம். "எங்க பாப்பா சுட்டி, மூணு வயசுப் பிள்ளைக்குள்ளதே கொடுக்கலாம்" என்று வாங்குகிறோம். டப்பாவில் 3+ என்று போடுவதற்குக் காரணம் வேறு. மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தை எதையும் வாயில் போடும் என்று வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய சோதனைகள் தனி. 3+ என்று போட்டுவிட்டால், அந்தச் சோதனைகளுக்கு நான் பொறுப்பில்லை என்று கம்பெனி சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு வட்டத்துக்குள் 0-3 என்று எழுதி, குழந்தை முகத்தோடு குறுக்குக் கோடு போட்டிருந்தாலும் இதே அர்த்தம்தான்.

ஆகவே 12 மாதம், 18 மாதம், 2+ என்று ஏதாவது போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கிடைப்பது அரிதுதான், விலையும் கொஞ்சம் கூட. ஆனால் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பொம்மைகளுக்கு, தொண்டையில் அடைக்கும் சின்ன உறுப்புகள் இருக்கிறதா என்று ஒரு சோதனை உண்டு. 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு உருளைக்குள் அந்தத் துண்டு முழுதாக அடங்கினால் அந்தப் பொம்மை தோற்றது. பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மில்லிமீட்டர், அதைவிடக் கொஞ்சம் பெரிய வாய் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆனால் கிரேயான், சாக்பீஸ், க்ளே, விரல் பெயின்ட் போன்றவற்றுக்கு இந்தச் சோதனையிலிருந்து விலக்கு இருக்கிறது. க்ளேயை யார் வேண்டுமானாலும் எந்த அளவுக்கும் கிள்ளலாம், கிரேயானை எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம், அதை எப்படிச் சோதிப்பது? அதாவது எல்லா முத்திரையும் உள்ள கிரேயான்கூட தொண்டையில் அடைக்காது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. அந்த ஒரு வேலை முழுக்க நம்முடையது.

மூன்றாம் படி: எந்த முத்திரை என்ன சொல்கிறது

நம் நாட்டில் 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின்சாரம் இல்லாத பொம்மைகளுக்கான தர எண் IS 9873. இதில் பல பாகங்கள் உண்டு. முதல் பாகம் கூர்முனை, உடைதல் போன்றவற்றைப் பார்க்கிறது. மூன்றாம் பாகம் ஈயம், காட்மியம் முதலான எட்டுத் தனிமங்களைப் பார்க்கிறது. ஏழாம் பாகம் விரல் பெயின்டுக்கு என்றே உள்ளது. முத்திரைக்கு மேலே பெரும்பாலும் பாகம் 1 என்று மட்டும்தான் இருக்கும். அதைப் பார்த்து மற்றச் சோதனை நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

முத்திரைக்கு மேலே IS எண், கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண், இரண்டும் இருந்தால்தான் அது முழு முத்திரை. வெறும் சின்னத்தை மட்டும் அச்சடித்திருந்தால் அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

இனி நடைமுறைச் சிக்கல் ஒன்று. க்ளே, விரல் பெயின்ட் செட் போன்றவை பொம்மை வகையில் விற்கப்படும்போது ஐ.எஸ்.ஐ. கிடைக்கும். கிரேயான் பெட்டிகளில் பல எழுதுபொருள் வகையில் வருகின்றன. அவற்றில் ஐ.எஸ்.ஐ. இல்லாமல் EN 71-3 அல்லது ASTM D-4236 என்று ஒரு வரி இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றுபோல நினைக்கக் கூடாது.

EN 71-3 என்பது ஐரோப்பியப் பொம்மைத் தரத்தின் மூன்றாம் பாகம். பொருளிலிருந்து வயிற்றுக்குள் எவ்வளவு உலோகம் கரைந்து வரும் என்பதை அளப்பது. உள்ளடக்கத்தைப் பற்றி நேராகப் பேசும் வரி இது. ஆனால் இங்கே விற்கும் டப்பாவில் அந்த வரி இருக்கிறதென்றால் அது கம்பெனி தரும் வாக்குறுதி. நம் ஊரில் அதை யாரும் வந்து சரிபார்ப்பதில்லை. சி.இ. எழுத்தும் அப்படித்தான், பெரும்பாலான பொம்மைகளில் செய்தவரே தன் பொறுப்பில் ஒட்டிக்கொள்வது.

ASTM D-4236 என்பது அமெரிக்க வரி. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நீண்ட நாள் பயன்படுத்தினால் உடம்புக்குத் தீங்கு உண்டா என்று நச்சியல் வல்லுநர் ஒருவர் பார்த்து, உண்டென்றால் டப்பாவில் எச்சரிக்கை எழுத வேண்டும் என்பதே இந்த விதி. அதாவது இது லேபிளைப் பற்றிய விதி. தீங்குள்ள ஆயில் பெயின்ட்கூட எச்சரிக்கையைச் சரியாக எழுதியிருந்தால் இந்த வரியைப் போட்டுக்கொள்ளலாம். அதனால் இந்த வரியைப் பார்த்தால் அதன் அக்கம்பக்கத்தில் எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கச் சரக்கில் ஏ.பி. என்ற வட்ட முத்திரை இருந்தால் தீங்கு இல்லை என்று மதிப்பிட்டது, சி.எல். என்று இருந்தால் எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டியது. சி.எல். உள்ளது குழந்தை கைக்கு ஆகாது.

என் கணக்கு இது: க்ளேயும் விரல் பெயின்டும் ஐ.எஸ்.ஐ. இல்லாமல் வாங்க மாட்டேன். கிரேயானில் ஐ.எஸ்.ஐ. கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் முழு விலாசம் உள்ள கம்பெனியின் EN 71-3 வரி போதும். வெறும் சி.இ. மட்டும், வெறும் நான்-டாக்ஸிக் மட்டும் இருந்தால் வேண்டாம்.

நான்காம் படி: எண்ணைப் போனில் அடித்துப் பாருங்கள்

முத்திரையை அச்சடிப்பது ஒரு பிரிண்டிங் பிரஸ் வேலைதான். அதனால் கடையில் நின்றபடியே இதைச் செய்யுங்கள். ஐ.எஸ்.ஐ. உரிமம் தரும் பி.ஐ.எஸ். அமைப்பின் BIS Care என்ற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். அதில் Verify Licence Details என்ற இடத்தில் CM/L எண்ணை அடித்தால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, எந்த ஊர்த் தொழிற்சாலை, எந்தப் பொருளுக்கு, இப்போது நடப்பில் இருக்கிறதா என்று வரும்.

எண் வந்துவிட்டதே என்று போனை மூடிவிடாதீர்கள். வந்த பெயரையும் டப்பாவில் உள்ள பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பக்கெட் விஷயத்துக்குப் பிறகு நான் வேறொரு கடையில் பார்த்த க்ளே செட்டில் அழகான ஐ.எஸ்.ஐ. முத்திரை, IS எண், CM/L எண் எல்லாம் இருந்தன. எண்ணை அடித்தேன். உரிமம் இருக்கிறது, நடப்பிலும் இருக்கிறது. ஆனால் வந்த கம்பெனி பெயர் வேறு, மாநிலமும் வேறு. டப்பாவில் இருந்த பெயருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. யாரோ ஒருவரின் எண்ணை எடுத்து யாரோ ஒருவர் ஒட்டியிருக்கிறார். சில சமயம் ஒருவர் செய்ய இன்னொருவர் விற்பார். அப்போது செய்தவர் பெயரும் டப்பாவில் சின்ன எழுத்தில் இருக்கும், அது செயலியோடு பொருந்தும். இதில் அதுவும் இல்லை. அதே செயலியிலேயே புகார் கொடுக்கவும் இடம் இருக்கிறது. படத்தோடு அனுப்பினேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லலாம்.

ஆன்லைனில் வாங்கினால், விற்பவரிடம் பின்பக்கப் படமும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் கேளுங்கள். ரிப்போர்ட் வந்தால் கடைசியில் பாஸ் என்று இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். முதல் பக்கத்தில் சாம்பிளின் பெயரும் படமும் இருக்கும், அது நீங்கள் வாங்கும் பொருள்தானா? எத்தனை கலர் சோதித்தார்கள்? பன்னிரண்டு கலர் பெட்டிக்கு ஒரே ஒரு வெள்ளைக் கிரேயானைச் சோதித்த ரிப்போர்ட்டால் பயனில்லை. ஈயமும் காட்மியமும் இருந்தால் பெரும்பாலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, சில பச்சைகளில்தான் இருக்கும், அந்த நிறப்பொடிகளின் வேதியியல் அப்படி.

அந்த எண்கள் எதைக் காக்கின்றன, எதைக் காக்கவில்லை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பாதுகாப்பின் எல்லை இங்கேதான் தெரியும்.

சோதனைக்கூடத்தில் கிரேயானைப் பொடியாக்கி, மெல்லிய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, உடம்புச் சூடான 37 டிகிரியில் ஒரு மணி நேரம் குலுக்கி, ஒரு மணி நேரம் அப்படியே வைப்பார்கள். வயிற்றில் நடப்பதைப் போலச் செய்து பார்க்கும் சோதனை இது. பிறகு கரைந்து வந்த உலோகத்தை அளப்பார்கள். IS 9873 மூன்றாம் பாகத்தின்படி கிரேயானிலும் க்ளேயிலும் ஒரு கிலோவுக்கு 90 மில்லிகிராம் ஈயம் வரை கரையலாம். விரல் பெயின்டுக்கு 25 தான், ஏனென்றால் பெயின்ட் பூசிய விரலைக் குழந்தை அதிகம் சப்பும்.

90 என்ற எண் எங்கிருந்து வந்தது? பழைய ஐரோப்பிய விதியில் இரண்டு விஷயங்களை வைத்துக்கொண்டார்கள். குழந்தை உடம்புக்குப் பொம்மையிலிருந்து ஒரு நாளைக்கு 0.7 மைக்ரோகிராம் ஈயத்துக்கு மேல் போகக்கூடாது, குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 8 மில்லிகிராம் பொம்மைப் பொருளை விழுங்கும். 0.7-ஐ 8-ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 90 மில்லிகிராம். எட்டு மில்லிகிராம் என்பது மரப்பொம்மையின் பெயின்டைச் சுரண்டித் தின்னும் அளவு. நம் குழந்தை கிரேயானின் நுனியைக் கடித்தால் 100 மில்லிகிராம் சாதாரணமாக உள்ளே போகும். அதாவது கணக்கில் எடுத்ததைப் போல 12 மடங்குக்கு மேல்.

ஐரோப்பாவில் இதைப் பின்னால் சரிசெய்தார்கள். கிரேயான், க்ளே போன்றவற்றுக்கு நாளைக்கு 100 மில்லிகிராம், பெயின்ட் போன்ற நீர்ம வகைக்கு 400 மில்லிகிராம் விழுங்கும் என்று தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். 2018 அக்டோபர் இறுதியிலிருந்து அங்கே ஈயத்துக்கு எல்லை கிரேயான், க்ளேக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம், நீர்மத்துக்கு 0.5. அதனால்தான் ஐ.எஸ்.ஐ. உரிமம், EN 71-3 வரி இரண்டும் ஒரே டப்பாவில் கிடைத்தால் அதையே எடுக்கிறேன். ஐ.எஸ்.ஐ. யார் பொறுப்பு என்று காட்டுகிறது, தொழிற்சாலைக்குப் போய்ச் சோதிக்கவும் ஆள் இருக்கிறார்கள். EN 71-3 கடுமையான எல்லையைச் சொல்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. எந்த எல்லையாக இருந்தாலும் அது ஒரு நாளைக்குக் கொஞ்சமாக உள்ளே போவதற்கான கணக்கு. தினமும் கிரேயானை நிறையக் கடித்துத் தின்னும் குழந்தையாக இருந்தால், எவ்வளவு நல்ல முத்திரை இருந்தாலும் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிடுங்கள். மண், சுவர்ச் சுண்ணாம்பு, கிரேயான் என்று தேடித் தேடித் தின்றால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கிரேயான்

முத்திரை சரியாக இருந்தால் மீதி உருவம்தான். பள்ளிப் பிள்ளைகளின் மெல்லிய கிரேயான் இரண்டு வயதுக் கையில் இரண்டே நிமிடத்தில் உடையும். தடிமனான ஜம்போ வகை, அல்லது உள்ளங்கையில் அடங்கும் முட்டை வடிவ வகை நல்லது. சுற்றியிருக்கும் காகிதத்தைக் குழந்தை உரித்துத் தின்னும் என்பதால் கொடுக்கும் முன் நானே உரித்துவிடுகிறேன். உங்கள் கட்டைவிரல் நீளத்துக்குக் குறைந்த துண்டுகள் அன்றைக்கே குப்பைக்குப் போக வேண்டும். எங்கள் அம்மா அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். "நல்லாத்தானே இருக்குது கண்ணு, எதுக்கு வீசோணும்" என்பார். அந்த டப்பாதான் வீட்டிலேயே ஆபத்தானது என்று சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது.

வாசனைக் கிரேயான் வேண்டாம். ஸ்ட்ராபெரி மணம் வரும் மெழுகைத் தின்னாதே என்று இரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்வது நியாயமே இல்லை.

க்ளே

கடையில் க்ளே என்ற ஒரே பெயரில் வேறு வேறு பொருட்கள் விற்கிறார்கள். எது எது என்று தெரிய எளிய வழி ஒன்று இருக்கிறது. கடலை அளவு உருண்டையை ஒரு செய்தித்தாளில் வைத்து இரவு விட்டுவிடுங்கள். காலையில் காகிதத்தில் எண்ணெய் வளையம் இருந்து, உருண்டை மிருதுவாகவே இருந்தால் அது எண்ணெய் வகை. உருண்டை காய்ந்து விறைத்திருந்தால் மாவு வகை, அல்லது காற்றில் காயும் வகை. ஓவனில் சுட வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தால் அது பி.வி.சி. பிளாஸ்டிக்கில் செய்த பாலிமர் க்ளே. அதை இளக்க வேறு ரசாயனம் சேர்ப்பார்கள். அது பெரியவர்கள் நகை செய்யும் பொருள், குழந்தைக்கு வேண்டாம். பளபளவென்று இழுபடும் ஸ்லைம் வகையில் போரான் சேர்ந்த உப்பு இருக்கும், அதுவும் இந்த வயதுக்கு இல்லை.

மாவு வகையில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். குழந்தைக்குக் கோதுமை ஒவ்வாமை இருந்தால் பொருள் பட்டியலைப் பார்க்காமல் தொடக்கூட விடாதீர்கள். என் பக்கெட்டின் மண்ணெண்ணெய் வாடை எண்ணெய் வகையில் வருவது. தரமான எண்ணெய் வகையில் வாடை மிகக் குறைவாகத்தான் இருக்கும். வாடை இல்லாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை, ஈயத்துக்கு வாடை கிடையாது. ஆனால் வாடை குப்பென்று அடித்தால் வாங்க வேண்டாம் என்பதற்கு அது போதுமான காரணம்.

அப்புறம், "எதுக்கு இதெல்லாம், வீட்டிலேயே மைதாவில் செய்துவிடலாமே" என்று பலர் சொல்கிறார்கள். செய்யலாம், ஆனால் இணையத்தில் பரவும் செய்முறை இரண்டு கப் மைதாவுக்கு ஒரு கப் உப்பு. அதில் ஒரு நெல்லிக்காய் அளவு உருண்டைக்குள் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் உப்பு இருக்கும். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தை அதை விழுங்கினால் ரத்தத்தில் உப்பு ஆபத்தான அளவுக்கு ஏறலாம். நான் உப்பே போடாமல் சப்பாத்தி மாவுதான் பிசைகிறேன். கொஞ்சம் எண்ணெய், பீட்ரூட் சாறு. அன்றைக்கு விளையாடி அன்றைக்கே போட்டுவிட வேண்டும்.

மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள்தூள் போடுபவர்கள், ஈரோட்டுக் கொம்பு மஞ்சளை வாங்கி மில்லில் கொடுத்து அரைத்த தூளைப் போடுங்கள். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உதிரியாக விற்கும் தூள் வேண்டாம். மஞ்சளில் நிறம் கூட்ட லெட் குரோமேட் கலக்கும் மோசடி ஒன்று இருக்கிறது. பெயின்டில் எந்த ஈய மஞ்சளுக்குப் பயந்து முத்திரை பார்க்கிறோமோ அதே பொருள்தான் அது.

பெயின்ட்

இந்த வயதுக்கு விரல் பெயின்ட் என்று போட்டிருப்பது மட்டும்தான். போஸ்டர் கலர், அக்ரிலிக், துணி பெயின்ட் எல்லாம் பிரஷ்ஷைப் பிடிக்கத் தெரிந்த, வாயில் வைக்காத பிள்ளைகளுக்கு. எங்கள் ஊரில் சாயப்பட்டறையிலோ பிரிண்டிங்கிலோ வேலை பார்ப்பவர்கள் வீட்டில் மிச்சக் கலர் இருக்கும். துணிக்குப் பரிசோதித்துத் தேறிய சாயம் தோலில் படுவதற்குத் தேறியது, காய்ந்து துவைத்த பிறகு. ஈரமாக விழுங்குவதற்கு இல்லை. பட்டிப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடித்த எனாமல் டப்பாவும் அப்படியே. வீட்டு பெயின்டுக்குக் கிலோவுக்கு 90 மில்லிகிராம் என்ற ஈய வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தோட்டத்து வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய டப்பாவை நடைவண்டிக்கு அடிக்காதீர்கள்.

நல்ல விரல் பெயின்ட் கசக்கும். ஐரோப்பியத் தரத்தில் கசப்புப் பொருள் சேர்ப்பது கட்டாயம். குழந்தை ஒரு தடவை நக்கிவிட்டு முகத்தைச் சுளித்து அழுதால் விஷம் என்று பதறாதீர்கள், அது வேலை செய்கிறது என்று அர்த்தம். பெயின்ட் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் சிலருக்குத் தோலில் ஒத்துக்கொள்ளாது. முதல் நாள் முன்கையில் ஒரு பொட்டு வைத்து, கழுவி, மறுநாள் வரை சிவக்கிறதா என்று பாருங்கள். திறந்த டப்பாவில் தண்ணீர் ஊற்றி இளக்கி வைக்காதீர்கள், சேர்த்த பொருளின் பலம் குறைந்து பூஞ்சை பிடிக்கும். வேண்டியதைத் தட்டில் எடுத்துக் கலக்கி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

விழுங்கிவிட்டால்

முத்திரை பார்த்து வாங்கிய பொருளில் ஒரு கடி உள்ளே போனால் வாயிலிருக்கும் மிச்சத்தை எடுத்து, வாயைத் துடைத்து, தண்ணீர் கொடுத்தால் போதும். மறுநாள் மலத்தில் நிறம் தெரியலாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. துண்டு தொண்டையில் சிக்கி மூச்சுத் திணறல், சத்தம் வராமல் இருமல், உதடு நீலம் என்றால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் 108, வருவதற்குள் முதலுதவி. உப்பு மாவை நிறையத் தின்றுவிட்டு வாந்தியும் சோர்வும் வந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

விலாசமில்லாத பொருளை நாள் கணக்கில் வாயில் வைத்திருந்தது தெரிந்தால் பொருளையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளியே எந்த அறிகுறியும் இல்லாமலேயே இந்த அளவு இருக்கும்.

என் பக்கெட் அன்று இரவே கவரில் கட்டி வெளியே போனது. இப்போது வீட்டில் ஆறு ஜம்போ கிரேயான், நான்கு கலர் விரல் பெயின்ட், ஒரு மாவு க்ளே செட் இருக்கின்றன. வாங்கியதும் டப்பாவின் பின்பக்க அட்டையை வெட்டி, திறந்த தேதியை மார்க்கரில் எழுதி, அவற்றைப் போட்டு வைத்திருக்கும் பழைய முறுக்கு டப்பாவின் மூடிக்கு உள்ளே ஒட்டிவிடுகிறேன். நான் வேலைக்குப் போன நேரத்தில் ஏதாவது ஆனால், அம்மா மூடியைத் திறந்து மருத்துவரிடம் அந்த அட்டையை அப்படியே படித்துக் காட்டலாம்.